கேட்பதை நிறுத்திய கார்டு

அவரைப் பஸ்காரர் என்றுதான் குடியிருப்பில் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆயுளில் ஒரு நாள்கூட அவர் பஸ் ஓட்டியதில்லை. சைக்கிளையே தள்ளிக்கொண்டு போகிற ரகம். குடிவந்த புதிதில் மாடிவீட்டுக்காரர், "எதுல வேலை பாக்குறீங்க?" என்று கேட்க, இவர் யோசிக்காமல் "பஸ்ஸுல" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அடுக்ககத்தில் யாருக்கு எந்த ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் இவரிடம்தான் நேரம் கேட்பார்கள். மறுத்துச் சொன்னால் நீளமாக விளக்க வேண்டியிருக்குமே என்று பயந்து, இவரும் பஸ் நேரங்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார். பேசுவதற்குச் சோம்பல் பட்டு மனிதன் இத்தனை சிரமப்படுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் சொன்ன பஸ் வேறு. ஆலைகளில் இயந்திரங்களை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல எலக்ட்ரானிக் கார்டுகள் செருகியிருக்கும். மோட்டாருக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. இவை எல்லாம் தகவல் அனுப்ப, பின்பலகையில் பொதுவாக ஒரே ஒரு கம்பித்தொகுதிதான் ஓடும். அந்தக் கம்பித்தொகுதியைத்தான் அவர் துறையில் பஸ் என்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்டுதான் அதில் பேசலாம். இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டு பேச்சும் குப்பை. யார் பேசுவது, யார் காத்திருப்பது என்று தீர்த்துவைக்கும் ஏற்பாட்டை வடிவமைப்பதுதான் அவர் பிழைப்பு.

"ஊர்ல யார் பேசணும்னு பஞ்சாயத்து பண்றதுக்குச் சம்பளம் வாங்குறாரு. வீட்டுல வாயில என்ன இருக்குன்னே தெரியாது" என்று அவர் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் இருந்தவரைக்கும் வீட்டில் அவர் பேசத் தேவையே இருக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, அவள் போன் செய்தால் மனைவிதான் எடுப்பாள். அழைப்பின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு, கூடவே இருக்கும் அவருடைய அக்காவின் கைக்குப் போன் போகும். அக்காவுக்கு மகள் என்ன சமைத்தாள் என்பதில் தொடங்கி, அந்த ஊர் மழை வரைக்கும் தெரிந்தாக வேண்டும். எல்லாம் முடிந்து போன் இவரிடம் வரும்போது, மகளுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்பா." அவ்வளவுதான். வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காக அவர் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு அந்த நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார் என்பது மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு போன் முதலில் இவர் கைக்கே வர ஆரம்பித்தது. வரிசையில் முதல் ஆளாக ஆகிவிட்டார். ஆகி என்ன? மகள் "அப்பா" என்றதும், "இரும்மா, அத்தைகிட்ட குடுக்கறேன்" என்று அப்படியே நீட்டிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. ஆனால் அன்று வந்த அழைப்பு வழக்கமானது அல்ல. மகளுக்கு வருடாந்திர விடுமுறை கிடைத்திருந்தது. அம்மா காரியத்துக்கு வந்து போனவள், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. இந்த முறை இங்கே வருவதா, இல்லை மாப்பிள்ளையின் நண்பர்கள் குடும்பத்தோடு மலைப் பக்கம் போவதா என்று இரண்டு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரத்துக்குள் டிக்கெட் போட வேண்டும்.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "டேய் தம்பி, குழந்தை கேக்குறா. அப்பா என்ன சொல்றாருன்னு. வரட்டுமா, அங்க போகட்டுமா?"

குழந்தைக்கு முப்பது தாண்டிவிட்டது. அது போகட்டும். பஸ்காரருக்கு வா, வா, வா என்று உள்ளே ஒன்று குதித்தது. அவள் அறையின் ஜன்னல் திரையைத் துவைத்துப் போட வேண்டும் என்பதுவரை மனம் ஓடிப்போய்விட்டது. வாய் மட்டும், "அவளுக்கு எது வசதியோ அப்படிச் செய்யட்டும்கா" என்றது.

அக்கா அதை அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் கால் வைத்ததுமே பால் பண்ணை விவகாரம் காத்திருந்தது. கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெட்டிதான், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்மையில் பாட்டில்களைப் படம்பிடித்துச் சோதிக்கும் கேமரா கார்டு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதிலிருந்து, பாலின் சூட்டை அளந்து சொல்லும் வெப்பநிலைக் கார்டின் பதிவில் ஓட்டை விழுந்தது. நடுநடுவே சில அளவுகள் வந்து சேரவே இல்லை. பால் சரியாகத்தான் காய்ந்தது. ஆனால் காய்ந்ததற்குப் பதிவு இல்லையென்றால், அந்தப் பாலை வெளியே அனுப்ப முடியாது. ஆலைக்காரர்கள் தொட்டி தொட்டியாகக் கொட்டிவிட்டு, போனில் கம்பெனியின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெப்பநிலைக் கார்டு பஸ்காரரின் கைவேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார் துணையும் இல்லாமல் அவரே வடிவமைத்த முதல் கார்டு. வாயைத் திறந்து ஒருநாளும் பெருமை அடித்துக்கொண்டதில்லை என்றாலும், சோதனைக்கூடத்தில் அது தூசி படிந்து கிடந்தால் கைக்குட்டையால் துடைத்து வைப்பார்.

ஆலையில் இருப்பதைப்போலவே ஒரு பெட்டியைச் சோதனைக்கூடத்து மேசைமேல் ஓடவிட்டார்கள். ஓட்டையும் அதேபோல விழுந்தது. பக்கத்து மேசை வடிவமைப்பாளன்தான் முதலில் கை வைத்தான். அவனுக்குப் புரட்சி என்று பெயர். யார் தலைமையும் அவனுக்கு ஆகாது. கம்பெனிச் சுற்றுலாவுக்குக்கூட ஒருங்கிணைப்பாளர் எதற்கு என்று சண்டை போட்டவன்.

"இந்தக் கேமராதான் சார் வில்லன். உருவிட்டா தெரிஞ்சுடும்" என்று மின்சாரத்தை நிறுத்தி, கேமரா கார்டை உருவிவிட்டு மறுபடி ஓட்டினான். அவ்வளவுதான், மோட்டார், வால்வு, வெப்பநிலை என்று ஒரு கார்டு பாக்கியில்லாமல் எல்லாம் ஊமையாகிவிட்டன. புரட்சி விழித்தான். பெட்டியைத் தட்டிப் பார்த்தான். வயரை ஆட்டிப் பார்த்தான்.

பஸ்காரர் இழுப்பறையிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜம்பரை, அதாவது இணைப்புத் துண்டை எடுத்து, காலியான இடத்துக்குப் பின்னால் பலகையில் செருகினார். எல்லாம் உயிர் பெற்றன.

புரட்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரியாத விஷயமில்லை, மறந்த விஷயம். இந்தப் பழைய பெட்டியில் இருந்தது சங்கிலி முறை. பஸ் வேண்டும் என்று கேட்பதற்கு எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாக ஒரே கோரிக்கைக் கம்பி. யாரோ ஒருவருக்கு வேண்டும் என்பது மட்டும்தான் தலைமாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கார்டுக்குத் தெரியும். யாருக்கு என்று தெரியாது. அது அனுமதியை முதல் கார்டிடம் நீட்டும். முதல் கார்டுக்கு வேண்டுமென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளும். வேண்டாமென்றால் அடுத்ததற்குத் தள்ளும். அனுமதி இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் கடைசிக்குப் போகும். நடுவில் ஒரு கார்டை உருவிவிட்டு அந்த இடைவெளியை ஜம்பரால் இணைக்காவிட்டால், அதற்கு அப்பால் இருக்கிற ஒருவருக்கும் அனுமதி போய்ச் சேராது.

கேமரா இல்லாமல் ஓடியபோது பதிவில் ஓட்டை விழவில்லை. எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கேமரா கார்டு வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருக்கிறது. படம் பெரிய சரக்கு. அனுமதி வரும்போதெல்லாம் அதுவே பிடித்துக்கொள்கிறது. வெப்பநிலைக் கார்டு வரிசையின் கடைசியில் இருப்பதால் பட்டினி கிடக்கிறது. சங்கிலி முறைக்கு இது பிறவிக் குணம்.

"பாவம் சார் உங்க கார்டு. கடைசிப் பந்தி" என்றான் புரட்சி.

கடைசிப் பந்தி என்ற சொல் அன்று மாலைவரை பஸ்காரரோடு வந்தது. வீட்டுக்குப் போனதும் அக்காவிடம், ஏதோ கேட்பதுபோல, "போன் வந்துச்சா?" என்றார். வரவில்லை என்றாள் அக்கா. மகளின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்தார். காற்று வரட்டும் என்றுதான், வேறொன்றும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் மேலாளரின் அறையில் கூட்டம். மேலாளர் இவரைவிட வயதில் சின்னவள், வேலையில் படுகெட்டி. சுற்றி வளைப்பது பிடிக்காது. "பழைய பெட்டிக்கு ஒட்டுப் போடுறதோட நிக்க வேணாம். புதுப் பெட்டி எப்படியும் செய்யறோம். எந்த முறைன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடலாம். என் ஓட்டு மையமா ஒரு ஆர்பிட்டர் வைக்கறதுக்கு" என்றாள்.

ஆர்பிட்டர் என்றால் நடுவர். அவள் சொன்ன முறையில், ஒவ்வொரு கார்டுக்கும் நடுவருக்கும் இடையே தனித்தனியாக ஒரு கோரிக்கைக் கம்பி, தனித்தனியாக ஓர் அனுமதிக் கம்பி. யார் கேட்கிறார்கள் என்று நடுவருக்கு முகம் தெரியும். முறைபோட்டுச் சுற்றுவதா, அவசரக்காரனை முன்னால் விடுவதா என்று நடுவரே தீர்மானிக்கலாம். கார்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை.

"கம்பி எத்தனை ஆகும் பாருங்க மேடம். கார்டு கூடக்கூட கம்பியும் கூடும். நடுவரோட வாசல் எத்தனையோ அத்தனை கார்டுக்குத்தான் இடம். அதோட அந்த நடுவர் படுத்துட்டா, பெட்டி மொத்தமும் படுத்துடும்" என்று புரட்சி எழுந்தான். "நடுவரே வேணாம். ஒவ்வொரு கார்டுக்கும் பூஜ்யமும் ஒண்ணுமா ஒரு எண் குடுத்துடுவோம். வேணுங்கறவங்க எல்லாரும் அவங்க அவங்க எண்ணைப் பொதுக்கம்பியில வைக்கட்டும். பெரிய இலக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே வரணும். நான் பூஜ்யம் வச்ச இடத்துல கம்பியில ஒண்ணு இருந்தா, என்னைவிடப் பெரிய ஆள் நிக்கறான்னு அர்த்தம். நான் விலகிக்குவேன். கடைசியில ஒரே ஒரு எண்தான் மிஞ்சும். எல்லாரும் பாத்து எல்லாரும் ஒத்துக்கிட்ட தீர்ப்பு. ஒருத்தன் படுத்தாலும் மத்தவன் வேலை செய்வான்."

"படுக்கும்போது கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே படுத்தான்னா?" என்றாள் மேலாளர். "அதுவும் இல்லாம, பெரிய எண்காரன் தினம் பெரிய எண்காரனாத்தானே இருப்பான்? சின்ன எண் இதுலயும் பட்டினிதானே?"

"அதுக்கு ஒரு நாகரிகம் வைக்கலாம். ஒரு தடவை பஸ்ஸ வாங்குனவன், காத்திருக்கிற மத்தவங்க எல்லாரும் வாங்குறவரைக்கும் திரும்பக் கேக்கக் கூடாது."

"அந்த நாகரிகத்தை ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் எழுதணும். நம்ம கார்டு பாதி பழசு." மேலாளர் பஸ்காரர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஒண்ணுமே சொல்லல. இந்த வேலையில எங்களுக்கெல்லாம் மூத்தவர் நீங்க. உங்களுக்கு எது வேணும்?"

இந்த மனிதர் சொன்னது என்ன தெரியுமா? "உங்களுக்கு எது வசதியோ, மேடம்."

மேலாளர் பேனாவை மேசையில் வைத்தாள். "வசதியைக் கேக்கல சார். உங்க கருத்தைக் கேட்டேன்" என்றாள். கோபமில்லை, அலுப்புதான். பஸ்காரர் காதுமடல் சிவந்து, "மையமா நடுவர், முறைபோட்டு" என்று மென்று விழுங்கிச் சொன்னார். உண்மையில் அவருக்கு அதுதான் சரி என்று முதலிலிருந்தே தெரியும். சொல்வதற்குத்தான் யாராவது இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

முடிவானதும் புரட்சி மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாமல் வேலையில் இறங்கினான். சோதனைக்கூடத்தில் பின்பலகைக்கு மேலே தனிக் கம்பிகள் இழுத்து, முறைபோட்டுச் சுற்றும் நடுவர் ஒன்றை இருவரும் சேர்ந்து எழுதி ஏற்றினார்கள். கேமராவுக்கு ஒரு முறை, மோட்டாருக்கு ஒரு முறை, வால்வுக்கு, வெப்பநிலைக்கு, திரும்பவும் கேமராவுக்கு. கேட்காதவர் முறை அடுத்தவருக்குப் போகும். கேட்டவர் ஒருவரும் விடுபட மாட்டார். ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். புரட்சி இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வந்து பார்த்தால் பதிவில் ஓட்டை. கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் ஓட்டை ஓட்டைதான்.

"இது எப்படி சார் சாத்தியம்?" புரட்சி தலையில் கை வைத்துக்கொண்டான். "எல்லாருக்கும் முறை வருது. கேட்டா கிடைச்சே ஆகணும்!"

பஸ்காரர் லாஜிக் அனலைசரை இழுத்து மாட்டினார். கம்பிகளில் எப்போது எது உயர்ந்தது, எப்போது தாழ்ந்தது என்பதைத் திரையில் கோடுகோடாகக் காட்டும் கருவி அது. பழைய சங்கிலி முறையில் கோரிக்கைக் கம்பி ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்ததால், அது எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். யார் குரல் அதில் இருக்கிறது, யார் குரல் இல்லை என்று பிரித்துப் பார்க்க வழியே இருந்ததில்லை. இப்போது தனித்தனிக் கம்பி. வெப்பநிலைக் கார்டின் கோடு, முதன்முதலாகத் தனியாகத் திரையில் ஓடியது.

கோடு உயர்ந்தது. வெப்பநிலைக் கார்டு கேட்கிறது. அப்போது பஸ் கேமராவிடம் இருந்தது. கேமரா தன் நீண்ட படத்தை நிதானமாக அனுப்பிக்கொண்டிருந்தது. வெப்பநிலைக் கார்டு கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு கோடு தாழ்ந்தது. கேமரா முடித்தது. நடுவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெப்பநிலையின் முறை. அங்கே கோரிக்கை இல்லை. வேண்டாம் போலிருக்கிறது என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

"கையை இறக்கிடுச்சு சார்!" என்று புரட்சி திரையில் விரலை வைத்தான். "அது பட்டினி கிடக்கல. கேக்கறதையே விட்டுடுச்சு. யாரு சார் இப்படி எழுதுனது?"

பஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதியவர் அவர்தான். அன்றைக்கு அதற்கு நியாயமும் இருந்தது. சூடு மெல்ல மாறுகிற சங்கதி, அவசரம் ஒன்றும் கிடையாது. பஸ் சும்மா இல்லையென்றால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்காமல் கோரிக்கையை இறக்கிக்கொள், அந்த அளவை விட்டுவிடு, அடுத்த அளவு எடுத்ததும் மறுபடி கேள் என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பெட்டியில் நெரிசல் இல்லை. கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. அதனால் அந்தப் பெருந்தன்மை ஒருநாளும் யார் கண்ணிலும் படவில்லை. கேமரா வந்த பிறகு, கார்டு பாட்டுக்குக் கேட்டது, இறக்கிக்கொண்டது, கேட்டது, இறக்கிக்கொண்டது. சங்கிலி முறையில் எப்போதாவது அனுமதி கடைசிவரைக்கும் வந்து சேர்ந்தபோதுகூட, பல தடவை இந்தக் கார்டு கையை இறக்கிவிட்டிருந்தது. எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் அனுமதி அப்படியே காலாவதியானது.

"நான்தான்" என்றார்.

புரட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். "சார், தப்பா நெனக்காதீங்க. சங்கிலியா இருந்தாலும், நடுவர் வச்சாலும், நான் சொன்ன மாதிரி எண் போட்டு மோத விட்டாலும், இந்தக் கார்டுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. யாராலயும் இதுக்குக் குடுக்க முடியாது சார். கிடைக்கறவரைக்கும் கேக்கணும்ல?"

திருத்தம் சின்னதுதான். அனுமதி கிடைக்கும்வரை கோரிக்கையை இறக்காதே. அதை மட்டும் பழைய சங்கிலிப் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். கேமரா முதல் இடத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதால், கடைசிக் கார்டு கையைத் தூக்கியபடி நின்றுகொண்டே இருந்தது. நடுவர் வைத்த பலகையில் போட்டார்கள். கேமரா முடித்ததும் முறை வந்தது, கோடு உயர்ந்தபடியே இருந்தது, அனுமதி கிடைத்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லை. கேட்கவும் வேண்டும், கேட்பது காதில் விழுகிற ஏற்பாடும் வேண்டும். புரட்சி மேலாளரிடம் சொல்ல ஓடினான்.

பஸ்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவருக்கோ மனைவி ஞாபகம் வந்தது. அவள் இருந்தால், எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாலும், "அவரு உக்காந்திருக்காரு, பேசுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது அவருக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. மகள் வேண்டும் அவருக்கு. அவள் குரல் வேண்டும், அவள் செருப்பு வாசலில் கிடக்க வேண்டும், குளியலறையை அடைத்துக்கொண்டு அவள் நேரம் ஆக்க வேண்டும், காலையில் முகம் கழுவாமல் எதிரே வந்து உட்கார வேண்டும். இத்தனையும் வேண்டும் என்று அவர் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

சோதனைக்கூடத்தை ஒட்டிய நடைவழிக்கு வந்தார். மகளின் எண்ணைத் தானாக அழைத்து அவருக்குப் பழக்கமே இல்லை. அங்கே காலை வேளை. அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். தொந்தரவாக இருக்குமோ என்று வழக்கமான யோசனை வந்தது. வந்த யோசனையை நிற்கவைத்துவிட்டு அழைப்பை அழுத்தினார்.

"அப்பா?" மகளின் குரல் பதறியது. "என்னப்பா ஆச்சு? அத்தைக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"அத்தை நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல."

"நீங்க போன் பண்ணவே மாட்டீங்களே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. சொல்லுங்கப்பா."

"லீவுக்கு நீ இங்க வரணும்மா" என்றார். சொல்லிவிட்டார். "எது வசதியோன்னு அன்னிக்குச் சொன்னேன்ல, அது பொய். எனக்கு உன்னைப் பாக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அப்பா..." என்றாள். "நேத்துதான்பா டிக்கெட் போட்டோம். மலைக்கு. அவரோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டாச்சு. பணமும் திரும்ப வராது." பிறகு, "அத்தை நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு சொன்னப்போ, நான் வந்தாலும் வராட்டியும் அப்பாவுக்கு ஒண்ணுதான் போலன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

பஸ்காரர் சுவரில் சாய்ந்தார். ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால். "சரிம்மா, அதனால என்ன, பரவாயில்ல, போயிட்டு வாங்க" என்ற வாக்கியம், ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாக்கியம், நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் மகளுக்கும் நிம்மதி, இவருக்கும் பேச்சு முடிந்த மாதிரி. சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை, வைத்துவிடலாம்.

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "கஷ்டமாத்தான் இருக்கு. நீ மலைக்குப் போயிட்டு வா, உன்னைத் தடுக்கல. ஆனா திரும்பி வந்ததும் கேப்பேன். அடுத்த மாசமும் கேப்பேன். நீ வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அம்மா போனபோதுகூடத் தன்னிடம் அழாத பெண் இப்போது அழுகிறாள் என்று அவருக்கு மெதுவாகப் புரிந்தது. அன்றைக்கும் அவளை அத்தையிடம்தான் அனுப்பிவைத்தார்.

"அழறியாம்மா?"

"இல்லப்பா." பிறகு, "ஆமா."

"வேலைக்கு நேரமாச்சா?"

"ஆகட்டும்" என்றாள் மகள். "அப்பா, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நீங்க எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. ஒரு டம்ளர் தண்ணிகூட. நீங்களே போய்க் குடிச்சுக்குவீங்க."

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை கேளுங்கப்பா."

மேலாளரும் புரட்சியும் சிரித்துப் பேசியபடி நடைவழியில் வந்துகொண்டிருந்தார்கள். கையில் ஆலைக்கு அனுப்ப வேண்டிய செய்தியோ என்னவோ இருந்தது. இவரைப் பார்த்ததும் மேலாளர், "சார், ஒரு நிமிஷம்" என்றாள். பஸ்காரர் அவள் பக்கம் பார்த்து, முடியாது என்று கையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டி இருவரும் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"வாம்மா" என்றார் பஸ்காரர் போனில், அவர்கள் காதிலும் விழும்படி. "வீட்டுக்கு வா. அப்பாவுக்கு நீ வேணும்."